நிஃப்டியில் 34, 89, 233 மூன்றும் விழுந்திருக்கிறதே, இதை எப்படித் தற்செயல் என்பீர்கள்?

கோடு_போடுபவர் · 5 ஜூலை 2025, காலை 9:40

ஃபிபனாச்சி டைம் ஸோனைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். நிஃப்டி தினசரி சார்ட்டில் 24 மார்ச் 2020 கொரோனா லோவை (7,511) பூஜ்யமாக வைத்து வர்த்தக நாட்களை எண்ணுங்கள். 34-ஆவது நாள் 18 மே 2020. அன்று 313 புள்ளி சரிந்து 8,823-ல் முடிந்து, அங்கிருந்துதான் மே மாத ஏற்றம் தொடங்கியது. 89-ஆவது நாள் 4 ஆகஸ்ட், அதற்கு முந்தைய நாள் லோ. 233-ஆவது நாள் 26 பிப்ரவரி 2021. ஒரே நாளில் 568 புள்ளி விழுந்து 14,529-ல் முடிந்து, மூன்றே செஷனில் 15,245-க்குத் திரும்பிய நாள் அது. பதினோரு மாதம் முன்னால் போட்ட கோடு அந்த நாளிலேயே வந்து நிற்கிறது. கை வைத்துச் சொல்லுங்கள், இது தற்செயலா?

சும்மா_ஒருத்தன் · 5 ஜூலை, 9:58

61.8-ல தானே அண்ணே நிக்கும்? 34 எங்க இருந்து வந்துச்சு? நான் 50%-லயே வாங்கிடுவேன், காத்திருக்க மாட்டேன்.

கோடு_போடுபவர் · 5 ஜூலை, 10:03

தம்பி, அது ரீட்ரேஸ்மென்ட், விலையின் மேல் படுக்கைக் கோடு. இது நேரத்தின் மேல் செங்குத்துக் கோடு. 1, 2, 3, 5, 8, 13, 21 என்று போகிற எண்ணுக்கு ஒரு கோடு. அந்தப் பக்கம் விலை திரும்பும் என்பதுதான் கணக்கு.

எண்ணி_பார் · 5 ஜூலை, பகல் 2:15

எண்ணிக்கை சரி, நானும் விடுமுறைகளைக் கழித்து எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 2, 6, 10, 14, மே 1 போனால் 34 என்பது 18 மே தான். 233 என்பது 26 பிப்ரவரிதான். ஆனால் அந்த 233-க்குள் 14 நவம்பர் 2020 சனிக்கிழமை முகூர்த்த வர்த்தகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் நடந்த செஷன். அதை ஒரு நாளாக எண்ணினால்தான் 26 பிப்ரவரி. எண்ணாவிட்டால் கோடு 1 மார்ச் திங்கள்கிழமைக்குப் போய்விடும். நீங்கள் எண்ணியது எதனால்? டேட்டாவில் அந்த பார் இருந்தது என்பதனால். இல்லாத டேட்டாவும் உண்டு.

சரி, முகூர்த்தத்தைச் சேர்த்தே வைப்போம். அடுத்து தொடக்கப்புள்ளி. 24 மார்ச் என்பது இன்ட்ராடே லோ. க்ளோசிங் லோ அதற்கு முந்தைய நாள், 23 மார்ச், 7,610. உங்கள் மற்ற 'ஹிட்' எல்லாம் க்ளோசிங்கில் சொல்கிறீர்கள், தொடக்கம் மட்டும் இன்ட்ராடே. க்ளோசிங் என்றால் எல்லாமே க்ளோசிங்காக இருக்கட்டும் என்று 23-ல் இருந்து எண்ணினால் என்ன ஆகிறது பாருங்கள்:

34 இப்போது 15 மே. அன்று ஒன்றுமில்லை. போச்சு.
89 இப்போது 3 ஆகஸ்ட். லோ நாளிலேயே துல்லியமாக விழுகிறது, முன்பை விட நல்லது.
233 இப்போது 25 பிப்ரவரி 2021. அன்று க்ளோஸ் 15,097. முந்தைய இரண்டு நாளையும் அடுத்த இரண்டு நாளையும் விட அதிகம். அதாவது அது ஒரு உச்சி.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு தொடக்கத்தில் 233 அடியில் விழுகிறது, ஒரு நாள் தள்ளிய தொடக்கத்தில் அதே 233 உச்சியில் விழுகிறது. இரண்டுமே பின்னால் பார்த்தால் 'துல்லியம்'. முன்கூட்டியே பார்த்தவர் ஒரு கோட்டில் விற்றிருக்க வேண்டும், இன்னொரு கோட்டில் வாங்கியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று கோடு சொல்லவே இல்லை.

கோடு_போடுபவர் · 5 ஜூலை, மாலை 6:30

டைம் ஸோன் திசை சொல்லாது, அது எல்லாருக்கும் தெரிந்ததே. 'இங்கே கவனமாக இரு' என்று மட்டும்தான் சொல்லும். ஒரு நாள் முன்னே பின்னே அனுமதி உண்டு, அதையும் யாரும் மறைக்கவில்லை.

எண்ணி_பார் · 5 ஜூலை, 6:52

ஒரு நாள் அனுமதி கொடுத்தால் 1, 2, 3, 5, 8 என்ற முதல் ஐந்து கோடுகளும் சேர்ந்து பூஜ்யம் முதல் 9-ஆவது நாள் வரை ஒரு நாள் கூட விடாமல் மூடிவிடும். அந்தப் பத்து நாளில் எங்கே திரும்பினாலும் ஹிட். மறுமுனையில் 144-க்கும் 233-க்கும் நடுவில் நாலு மாதத்துக்கு மேல் ஒரு கோடும் கிடையாது. தொடக்கத்தில் எல்லா நாளும் கவனம், பிறகு மாதக்கணக்கில் தூக்கம். சந்தை அப்படியா இருக்கிறது?

புள்ளிவிவரம் · 6 ஜூலை, காலை 7:20

மேலே இருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: சும்மா ஒரு நாளைத் தொட்டால், அது திருப்பமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

திருப்பம் என்றால் என்ன என்று முதலில் முடிவு பண்ண வேண்டும். சாதாரணமாகப் பயன்படும் வரையறையையே எடுக்கிறேன்: ஒரு நாளின் க்ளோஸ், முந்தைய இரண்டு, அடுத்த இரண்டு க்ளோஸ்களை விட அதிகம் என்றால் உச்சி, குறைவு என்றால் அடி. நாணயம் சுண்டிவிட்டது போல எந்த ஒழுங்கும் இல்லாமல் நடக்கிற விலையில் கூட, நூறு நாளில் சுமார் 14 நாள் உச்சியாகவும் 14 நாள் அடியாகவும் இருக்கும். இதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம், 36/256. ஆக 28%. மூன்றரை நாளுக்கு ஒரு திருப்பம்.

ஒரு நாள் முன்னே பின்னே அனுமதித்தால் அந்த மூன்று நாள் ஜன்னலில் குறைந்தது ஒரு திருப்பமாவது இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 69%. இரண்டு நாள் அனுமதித்தால் பத்தில் ஒன்பதை நெருங்கும். கோடு எங்கே போட்டாலும் இதே கதைதான். ரேஷன் கார்டு நம்பரை வைத்துப் போட்டாலும் சரி.

இப்போது கோடு_போடுபவரின் சார்ட். 24 மார்ச் தொடக்கம், 8 முதல் 233 வரை எட்டுக் கோடு, ஒரு நாள் அனுமதி, க்ளோசிங்கில்:

8 (7 ஏப்ரல்): முந்தைய செஷன் 3 ஏப்ரல் அடி. ஹிட்.
13 (16 ஏப்ரல்): 15 ஏப்ரல் அடி. ஹிட்.
21 (28 ஏப்ரல்): ஏறிக்கொண்டே இருக்கிறது, உச்சி 30-ஆம் தேதி. இல்லை.
34: ஹிட்.
55 (17 ஜூன்): அடி 15-ஆம் தேதி. இல்லை.
89: ஹிட்.
144 (21 அக்டோபர்): அன்றே உச்சி, 11,937. ஹிட்.
233: ஹிட்.

எட்டுக்கு ஆறு. பார்க்கப் பிரமாதம். எந்த ஒழுங்கும் இல்லாத விலையில் எதிர்பார்க்க வேண்டியது எட்டுக்கு ஐந்தரை.

நம்பாதவர்கள் ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
lines = [8, 13, 21, 34, 55, 89, 144, 233]
res = []
for _ in range(10000):
    p = np.cumsum(rng.normal(size=250))
    ok = 0
    for n in lines:
        for k in (n - 1, n, n + 1):
            w = p[k-2:k+3]
            if p[k] in (w.max(), w.min()):
                ok += 1
                break
    res.append(ok)
print(np.mean(res), np.bincount(res, minlength=9))
```

இரண்டாவதாக அச்சாகும் வரிசையில் 6, 7, 8 இடங்களைக் கூட்டுங்கள். பத்தாயிரத்தில் ஏறக்குறைய பாதி, 'எட்டுக்கு ஆறு அல்லது அதற்கு மேல்'. அதாவது கொரோனாவும் இல்லாமல், ரிசர்வ் வங்கியும் இல்லாமல், கம்ப்யூட்டர் தோராயமாகத் தயாரித்த சார்ட்டுகளில் இரண்டில் ஒன்று இந்த இழையைத் தொடங்கி வைத்திருக்கும்.

சும்மா_ஒருத்தன் · 6 ஜூலை, 7:41

ரேஷன் கார்டு நம்பர் ஸ்ட்ராடஜிக்கு கோர்ஸ் எவ்வளவு சார்?

கோடு_போடுபவர் · 6 ஜூலை, 11:10

புள்ளிவிவரம் சார், 21 அக்டோபரை ஹிட் என்று எனக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்கே வேண்டாம். அன்று உச்சி என்றால் மறுநாள் 40 புள்ளி இறக்கம், அவ்வளவுதான். அதை யார் திருப்பம் என்பார்கள்? பெரிய ஸ்விங்கை மட்டும் எடுங்கள். 18 மே, 26 பிப்ரவரி பெரியவை.

எண்ணி_பார் · 6 ஜூலை, 12:25

நல்ல எதிர்வாதம். பெரியதை மட்டும் எடுப்போம். அப்படியானால் அந்தப் பதினோரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பெரிய அடி 24 செப்டம்பர் 2020, க்ளோஸ் 10,805. எத்தனையாவது நாள்? 126. அதற்கு முந்தைய உச்சி ஆகஸ்ட் கடைசி, 31-ஆம் தேதி அது உடைந்த நாள் 108. நவம்பர் ஏற்றம் தொடங்கிய அக்டோபர் கடைசி அடி 150-ஐ ஒட்டி. மூன்றுக்கும் பக்கத்தில் கோடே கிடையாது. சின்னதைச் சேர்த்தால் எங்கே போட்டாலும் ஹிட், பெரியதை மட்டும் எடுத்தால் பெரும்பாலானவை கோட்டுக்கு வெளியே. கோட்டில் இருந்து திருப்பத்துக்குப் போகாமல், திருப்பத்தில் இருந்து கோட்டுக்கு வந்து எண்ணினால்தான் இது தெரியும்.

அது போக, நீங்கள் சொன்ன இரண்டு பெரிய நாளுக்கும் காரணம் வெளியே கிடக்கிறது. 18 மே என்பது நிதியமைச்சரின் 20 லட்சம் கோடி அறிவிப்புகளின் கடைசித் தவணை வந்து, ஊரடங்கும் மே 31 வரை நீண்ட ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த திங்கள். 26 பிப்ரவரி என்பது முந்தைய இரவு அமெரிக்கப் பத்தாண்டுப் பத்திர வட்டி திடீரென எகிறிய மறுநாள். கொரோனா லோவில் இருந்து 233 எண்ணி அமெரிக்கப் பத்திரக்காரர்கள் விற்கவில்லை.

வீட்டுக்கணக்கு · 6 ஜூலை, மாலை 4:05

பேச்சுக்குக் கேட்கிறேன். தங்க விகிதம் 1.618 தானே இதன் அடிப்படை? அப்படியானால் லூகாஸ் எண்களும் வேலை செய்ய வேண்டும். 1, 3, 4, 7, 11, 18, 29, 47, 76, 123, 199. அதுவும் முந்தைய இரண்டைக் கூட்டி வருவதுதான், போகப்போக அதே 1.618-க்குத்தான் போகிறது.

புள்ளிவிவரம் · 6 ஜூலை, 4:50

அருமையான சோதனை. அதே 24 மார்ச்சில் இருந்து: 7-ஆவது நாள் 3 ஏப்ரல், துல்லியமாக அடி, 8,083. 18-ஆவது நாள் 23 ஏப்ரல், துல்லியமாக உச்சி, 9,313. 47-ஆவது நாள் 5 ஜூன், மறு செஷன் 8 ஜூன் உச்சி. 123-ஆவது நாள் 21 செப்டம்பர், அந்தப் பெரிய அடிக்கு மூன்று நாள் முன்னால். ஃபிபனாச்சிக் கோடு எதுவும் அவ்வளவு பக்கத்தில் வரவில்லை.

ஆகவே நான் இன்றில் இருந்து லூகாஸ் டைம் ஸோன் ஆசான். கோர்ஸ் கட்டணம் பின்னர் அறிவிக்கப்படும்.

சுழற்சி_தாசன் · 7 ஜூலை, காலை 8:30

இப்படி ஒரே புள்ளியில் இருந்து எண்ணுவது சின்னப்பிள்ளை வேலை, அதில் நான் எண்ணி_பார் பக்கம். ஆனால் சுழற்சி எண்ணுவது வேறு. லோவில் இருந்து லோ. ஹர்ஸ்ட் சொன்ன 40 வாரச் சுழற்சியை நிஃப்டியில் பாருங்கள். 17 ஜூன் 2022 லோ 15,183. அடுத்த லோ 20 மார்ச் 2023, 16,828. இடைவெளி 276 நாள், அதாவது 39.4 வாரம். இன்னொரு 276 நாள் கூட்டினால் 21 டிசம்பர் 2023. 20-ஆம் தேதி சந்தை 300 புள்ளி விழுந்து 21-ல் லோ வைத்துத் திரும்பியது. இன்னொரு 276 கூட்டினால் 22 செப்டம்பர் 2024. 27 செப்டம்பர் 26,277, அதுவரையிலான சர்வகால உச்சி. வாரக் கணக்கில் ஐந்து நாள் ஒன்றுமே இல்லை.

எண்ணி_பார் · 7 ஜூலை, 9:15

அண்ணே, லோ சுழற்சி உச்சியில் போய் முடிந்திருக்கிறதே?

சுழற்சி_தாசன் · 7 ஜூலை, 9:22

இன்வர்ஷன். சில சமயம் சுழற்சி தலைகீழாகும்.

எண்ணி_பார் · 7 ஜூலை, 10:40

தலைகீழாகலாம் என்று வைத்துக்கொண்டால் லோ வந்தாலும் சரி, ஹை வந்தாலும் சரி. தோற்க வழியே இல்லை. அதை விடுவோம், நடுவில் இருப்பதைப் பார்ப்போம்.

2023-ல் மார்ச்சுக்குப் பிறகு வந்த பெரிய லோ 26 அக்டோபர், 18,837. டிசம்பர் 20 என்பது ஏறுகிற சந்தையில் ஒரு நாள் சறுக்கல். அக்டோபரை ஏன் தாண்டினீர்கள்? 276-க்கு ஒத்து வரவில்லை என்பதால். அக்டோபரை எடுத்தால் இடைவெளி 220 நாள், 31 வாரம். அங்கிருந்து அடுத்த பெரிய லோ 4 ஜூன் 2024, தேர்தல் முடிவு நாள். 222 நாள்! இப்போது 31 வாரச் சுழற்சி என்று ஒரு வீடியோவே போடலாம், 40-ஐ விட அழகாக இருக்கிறது. வாக்கு எண்ணும் தேதியைத் தேர்தல் ஆணையம் இந்தச் சுழற்சியைப் பார்த்துத்தான் குறித்தது போல. அடுத்த பெரிய லோ 7 ஏப்ரல் 2025, 21,743, டிரம்ப் வரி அறிவித்த வாரத்துக்கு அடுத்த திங்கள். இடைவெளி 307.

ஒன்றையும் விடாமல் எழுதினால் இடைவெளிகள் 276, 220, 222, 307. சராசரி 256 நாள். குறைந்தது 31 வாரம், அதிகம் 44 வாரம். இதை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடிய அடுத்த லோ: 7 ஏப்ரலில் இருந்து 220 முதல் 307 நாள், அதாவது 13 நவம்பர் 2025 முதல் 8 பிப்ரவரி 2026 வரை. 87 நாள் அகலமான ஜன்னல். எந்த மூன்று மாதத்தை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு லோ இருக்கும். நாலே நாலு இடைவெளியில் இதை விட ஒடுக்க முடியாது. ஒடுக்கிக் காட்டுகிறவர் ஏதோ ஒரு லோவை மறைத்திருக்கிறார்.

புள்ளிவிவரம் · 7 ஜூலை, 1:30

கண்ணுக்கு அலை தெரிகிறதே என்பவர்களுக்கு. 1927-ல் ஸ்லட்ஸ்கி என்ற ரஷ்யப் பொருளாதார அறிஞர் அரசு லாட்டரியில் விழுந்த எண்களை எடுத்தார். பத்துப் பத்தாகக் கூட்டி, ஒவ்வொன்றாக நகர்த்திக் கோடு வரைந்தார். வந்த அலை, 1855 முதல் 1877 வரையிலான இங்கிலாந்து வர்த்தகச் சுழற்சியின் படத்தோடு அச்சு அசலாக ஒட்டி நின்றது. லாட்டரி எண்ணில் சுழற்சி கிடையாது. அலை வந்தது சராசரி எடுத்ததில் இருந்து.

சுழற்சி எண்ணும் மென்பொருள் பெரும்பாலும் செய்வதும் இதுவே. மூவிங் ஆவரேஜைக் கழித்து, மிச்சத்தை மறுபடி மென்மையாக்கி, கீழே அலையாகக் காட்டும். உங்கள் சார்ட்டின் தினசரி மாற்றங்களைக் குலுக்கிப் போட்டு, மறுபடி கூட்டி, அதே இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அலை வரும்.

இன்னொன்றும் உண்டு. சராசரியை நடுவில் வைத்துக் கழித்தால், 40 வாரச் சராசரிக்குக் கடைசி 20 வாரம் மதிப்பே இருக்காது. அந்த இடத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பும். பழைய அலை எல்லாம் லோவில் கச்சிதமாக உட்காரும், இன்றைய அலை மட்டும் வாராவாரம் நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய ஸ்க்ரீன்ஷாட்டையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்கணக்கு · 7 ஜூலை, இரவு 9:10

ஆனால் 21 மட்டும் அடிக்கடி ஒத்து வருகிறதே? எக்ஸ்பைரியில் இருந்து எண்ணினால் அடுத்த திருப்பம் பல சமயம் 20, 21-ல்.

எண்ணி_பார் · 7 ஜூலை, 9:48

அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 248 வர்த்தக நாள், பன்னிரண்டால் வகுத்தால் 20.7. மாத எக்ஸ்பைரியில் இருந்து 21 எண்ணினால் அடுத்த எக்ஸ்பைரி பக்கத்தில் விழும். ஆப்ஷன் பொசிஷன் முடிவது, ரோல்ஓவர் எல்லாம் அங்கே நடப்பதால் சலசலப்பு இருக்கலாம். அதற்குக் காரணம் நாட்காட்டி, முயல் கணக்கு இல்லை. ஃபிபனாச்சிதான் காரணம் என்றால் 13-ம் 34-ம் அதே அளவு வேலை செய்ய வேண்டும். காலாண்டு முடிவுகள் 62, 63 நாளுக்கு ஒரு முறை வரும், அந்த எண்ணுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. பட்ஜெட், வட்டிக் கொள்கை, எக்ஸ்பைரி, ரிசல்ட்: தேதி தெரிந்த நிகழ்வுகள் இத்தனை இருக்க, எண்ணி எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்?

கோடு_போடுபவர் · 8 ஜூலை, காலை 7:55

ஒற்றைத் தொடக்கம் பலவீனம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாலு தொடக்கத்தில் இருந்து வரும் கோடுகள் ஒரே வாரத்தில் குவிந்தால்? க்ளஸ்டர் வேறு விஷயம்.

புள்ளிவிவரம் · 8 ஜூலை, 8:20

ஒரு தொடக்கத்துக்கு எட்டுக் கோடு, கோட்டுக்கு மூன்று நாள். மூன்று தொடக்கம் என்றால் 72 நாள் வரை, ஆண்டில் கால்வாசிக்கு மேல். ஐந்து தொடக்கம் என்றால் 120, பாதியை நெருங்கும். தொடக்கம் கூடக்கூடக் கோடுகள் தாமாகவே ஒன்றன் மேல் ஒன்று விழும். குவிந்ததற்கு அர்த்தம் உண்டா என்று பார்க்க, அதே எண்ணிக்கையில் தோராயமான கோடுகள் எத்தனை முறை குவிகின்றன என்று எண்ணி ஒப்பிட வேண்டும். க்ளஸ்டர் காட்டுகிறவர் யாரும் அந்த இரண்டாவது எண்ணைப் போட்டு நான் பார்த்ததில்லை.

கோடு_போடுபவர் · 8 ஜூலை, 8:31

பார்த்ததில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. நான் கோட்டை விடப்போவதில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி லாட் எடுக்க மாட்டேன். நாலாவது நாளாகச் சரிகிற பங்கு கோட்டுக்குப் பக்கத்தில் வந்தால் ஸ்டாப்பை நெருக்கி வைப்பேன். அதில் என்ன நஷ்டம்?

எண்ணி_பார் · 8 ஜூலை, 9:05

நெருக்கிய ஸ்டாப் சாதாரண ஆட்டத்திலேயே அடிபடும், அதுதான் நஷ்டம். கோடு இல்லாத நாளில் எவ்வளவு அடிபடுகிறது என்று எழுதி வைத்தீர்களானால் பேசலாம்.

ட்ரேடிங்வியூவில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே டைம் ஸோனுக்கு இரண்டு க்ளிக். முதல் க்ளிக் பூஜ்யம், இரண்டாவது க்ளிக் ஒரு அலகு. இரண்டாவது க்ளிக் அடுத்த பாரில் விழாமல் ஒரு பார் தள்ளி விழுந்தால் எல்லாம் இரட்டிப்பாகும், 34 என்று எழுதியிருக்கும் கோடு 68-ல் நிற்கும். இழுத்து இழுத்துப் பொருத்துகிறவர்கள் உண்டு. அந்த வசதி இருக்கிற வரைக்கும் எந்தச் சார்ட்டிலும் தோல்வி கிடையாது.

சுழற்சி_தாசன் · 8 ஜூலை, மாலை 5:40

சரி, 13 நவம்பர் முதல் 8 பிப்ரவரி. அந்த 87 நாள் ஜன்னலை ஏற்றுக்கொள்கிறேன். லோ வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

புள்ளிவிவரம் · 8 ஜூலை, 6:02

லோ என்றால் என்ன என்று இன்றே எழுதினால். என் பரிந்துரை: முந்தைய 20 செஷனில் மிகக் குறைந்த க்ளோஸ், அதற்குப் பிறகு 20 செஷனுக்குள் அங்கிருந்து 5% ஏற்றம். 2015-ல் இருந்து எத்தனை 87 நாள் ஜன்னலில் அப்படி ஒன்று இருந்தது என்று நான் எண்ணித் தருகிறேன். பத்தில் எட்டில் இருந்தால் உங்கள் லோ வந்தும் பயனில்லை.

சுழற்சி_தாசன் · 8 ஜூலை, 6:15

5% அதிகம். 3% போடலாம். இன்ட்ராடே லோவும் சேர்க்க வேண்டும்.

எண்ணி_பார் · 8 ஜூலை, 6:17

3% ஆனால் ஜன்னலே வேண்டாம் அண்ணே, மாதாமாதம் வரும்.

சும்மா_ஒருத்தன் · 8 ஜூலை, 6:30

முகூர்த்த நாளைச் சேர்த்தா, சேர்க்காமலா?